அப்டேட் வந்த நாள்தான் ஓட்டை ஊருக்குத் தெரியும் நாள்

கேள்வி: வணக்கம். வடமராட்சிப் பக்கம் ஒரு கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர் நான். அங்கத்தவர்கள் பலருக்கு மீன் காசு இப்போது நேரே வங்கிக் கணக்குக்குத்தான் வருகிறது, போனிலேயே பார்த்துப் போனிலேயே அனுப்பியும் விடுகிறார்கள். அடுத்த பொதுக்கூட்டத்தில் போனை ஏன் அப்டேட் பண்ண வேண்டும் என்று பதினைந்து நிமிடம் கதைக்கும் வேலையைத் தலைவர் என் தலையில் கட்டிவிட்டார். "நல்லாத்தானே வேலை செய்யுது, பிறகென்னத்துக்கு?" என்று ஒருவர் கேட்டால் எனக்கே பதில் தெரியாது. என்னுடையது அண்ணா பிரான்சிலிருந்து அனுப்பிய பழைய சம்சுங், அன்ட்ரொயிட் 9. பாதுகாப்புத் திகதி 2020 மார்ச் 1 என்று நிற்கிறது, ஆனால் அப்டேட் தேடினால் Your software is up to date என்கிறது. என்ன சொல்லட்டும்?

பதில்: வேறெங்கும் போகாதீர்கள், உங்கள் போனையே கூட்டத்தில் எடுத்துக் காட்டுங்கள். பதினைந்து நிமிடத்துக்குத் தேவையானது முழுக்க அதற்குள் இருக்கிறது. வைரஸ், ஹக்கர் என்று பொதுவாகத் தொடங்கினால் இரண்டாவது நிமிடத்தில் பின்வரிசை மீன் விலை கதைக்கத் தொடங்கிவிடும். நடந்த ஒரு விடயத்தைச் சொல்லி, அதை ஒரு திகதியோடு கட்டிவிடுங்கள், அது போதும்.

நடந்தது இதுதான். செக் குடியரசில் சில வங்கிகளின் வாடிக்கையாளர்களுடைய கணக்குகளிலிருந்து காசு காணாமல் போகத் தொடங்கியது. அதற்குக் காரணமான செயலி நோர்வேயின் ப்ரோமன் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் கையில் கிடைத்தது, அவர்கள் அதைப் பிரித்துப் பார்த்தபோது அன்ட்ரொயிட்டிலேயே ஒரு பிழை இருப்பது தெரிந்தது. போனில் ஏற்கெனவே இருக்கும் ஒரு கள்ளச் செயலி, இன்னொரு செயலியின் இடத்தில் தன் திரையைக் கொண்டுவந்து நிறுத்த முடியும். 2019 டிசெம்பரில் இதை ஸ்ட்ராண்ட்ஹொக் என்ற பெயரில் வெளியிட்டார்கள். லுக்அவுட் என்ற இன்னொரு நிறுவனம் தேடிப் பார்த்தபோது இந்தப் பிழையைப் பயன்படுத்தும் செயலிகள் 36 அகப்பட்டன. அதே ப்ரோமன் இதைவிட மோசமான இரண்டாவது பிழையையும் கண்டுபிடித்து, ஸ்ட்ராண்ட்ஹொக் 2.0 என்று 2020 மே மாதத்தில் வெளியிட்டது. அன்ட்ரொயிட் 9-உம் அதற்குக் கீழே உள்ளவையும் இதில் அகப்படும், 10 அகப்படாது. 8, 8.1, 9 ஆகியவற்றுக்கான திருத்தத்தைக் கூகிள் 2020 மே மாதப் பாதுகாப்பு அப்டேட்டில் கொடுத்தது.

இதைக் கூட்டத்தில் இருக்கும் ஒருவருடைய கையில் நடப்பதுபோலச் சொல்லுங்கள். ஒரு அண்ணை டோர்ச் லைட் செயலி ஒன்றை எங்கிருந்தோ இறக்கிவிடுகிறார். அது டோர்ச்சாகவும் ஒழுங்காக வேலை செய்கிறது, சந்தேகப்படும்படி எந்த அனுமதியும் கேட்கவில்லை. நாலு நாள் கழித்து மீன் காசு வந்துவிட்டதா என்று பார்க்க வங்கிச் செயலியின் படத்தைத் தொடுகிறார். அவர் தொட்டது உண்மையான வங்கியின் படத்தைத்தான், ஆனால் மேலே வந்து நிற்பது டோர்ச் செயலி வரைந்து வைத்த திரை. அதே நிறம், அதே இலச்சினை, பெயருக்கும் பாஸ்வேர்டுக்கும் அதே இரண்டு பெட்டி. அடிக்கிறார். திரை ஒரு தரம் மின்னி உண்மையான வங்கிச் செயலி திறக்கிறது, இவரும் "ச்சா, பிழையாக அடித்துப்போட்டேன் போல" என்று திரும்ப அடித்துக் கணக்கைப் பார்த்துவிட்டுப் போனை மடியில் வைக்கிறார். அவ்வளவுதான், அவருக்கு எதுவும் நடக்கவில்லை. இன்னொரு நாள் அதே வழியில், வட்ஸ்அப்பைத் திறக்கும்போது "எஸ்எம்எஸ் பார்க்க அனுமதியுங்கள்" என்று ஒரு கேள்வி வரும். கேட்பது வட்ஸ்அப் என்றுதான் நினைப்பார், சரி என்று தொடுவார். இப்போது பாஸ்வேர்டும் போய்விட்டது, வங்கி அனுப்பும் ஓடிபியும் போகிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, "நல்லாத்தானே வேலை செய்யுது" என்பவருக்குப் பதிலைச் சொல்லுங்கள். ஆம், இந்தப் பிழையோடு போன் நன்றாகத்தான் வேலை செய்யும், சூடாகாது, மெதுவாகாது, பற்றரி கெதியாக இறங்காது. பிழை இருப்பதை அதைப் பயன்படுத்துபவர் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. படகு இயந்திரம் என்றால் சத்தத்திலேயே பிடித்துவிடும் ஆக்களுக்கு இதுதான் விளங்கக் கஷ்டமான பகுதி, அதனால் இரண்டு தரம் சொன்னாலும் பரவாயில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். முதல் பிழையால் உண்மையாகவே காசு போனது. இரண்டாவதை வெளியிட்ட நேரத்தில் எவரும் அதைப் பயன்படுத்தியதாக ப்ரோமன் சொல்லவில்லை. அப்படியென்றால் ஏன் பயப்பட வேண்டும் என்று யாராவது கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். ஏனென்றால் முழுக் கதையும் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

கூகிள் ஒவ்வொரு தரமும் திருத்தம் விடும்போது கூடவே ஒரு அறிக்கையும் விடுகிறது. எந்தப் பகுதியில் பிழை, எந்தெந்த அன்ட்ரொயிட்டைத் தாக்கும், எவ்வளவு மோசம் என்று இலக்கம் போட்டு எழுதியிருக்கும். இந்த இரண்டாவது பிழையின் இலக்கம் CVE-2020-0096. அன்ட்ரொயிட்டின் மூல நிரலை யாரும் வாசிக்கலாம் என்பதால் திருத்திய வரிகளும் வெளியே வந்துவிடும். பழைய வரியையும் புதிய வரியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எது மாறியதோ அங்கேதான் ஓட்டை இருந்தது என்று தெரிந்த ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். திருத்தம் வருவதற்கு முன் அந்த ஓட்டையைத் தெரிந்தவர்கள் ஒரு சிலர். வந்த பிறகு தேடுகிற எல்லாருக்கும் தெரியும். வேலியில் எங்கே பொட்டு இருக்கிறதென்று கோயில் ஒலிபெருக்கியில் அறிவித்த மாதிரி: அன்றே அடைத்தவனுக்கு ஒன்றுமில்லை, அடைக்காதவனுடைய வளவுக்குள் எந்தப் பக்கத்தால் போகலாம் என்பது முழு ஊருக்கும் தெரியும். அப்டேட் பண்ணாத போன் நேற்று இருந்த அதே நிலையில்தான் இருக்கிறது என்று நாங்கள் நினைக்கிறோம். இல்லை, ஒவ்வொரு அறிக்கைக்குப் பிறகும் அது நேற்றையதைவிட மோசமான நிலைக்குப் போகிறது, நீங்கள் தொடாமலேயே.

சரி, இப்போது உங்கள் போனுக்கு வருவோம். 2020 மார்ச் 1 என்றால், அந்தத் திகதி வரைக்கும் கூகிள் அறிவித்த பிழைகள் அடைக்கப்பட்டிருக்கின்றன என்று பொருள். உதாரணமாக அந்த ஆண்டு பெப்ரவரியில் புளூடூத் பிழை ஒன்று வந்தது. அன்ட்ரொயிட் 8, 9 போன்களில் புளூடூத் திறந்திருந்தால் பக்கத்தில் நிற்பவர் நீங்கள் எதையும் தொடாமலேயே உள்ளே நுழையக்கூடிய பிழை அது. உங்கள் போனில் அது அடைபட்டுவிட்டது. ஆனால் மே மாதத்துத் திருத்தம் வரவில்லை, ஆகவே மேலே சொன்ன டோர்ச் கதை உங்கள் போனில் இன்றைக்கும் நடக்கலாம். அதற்குப் பிறகு மாதம் மாதமாக வந்த மற்றவையும் அப்படியே திறந்துதான் கிடக்கின்றன. கூட்டத்தில் இந்தத் திகதியை வாசித்துக் காட்டி, "இது மார்ச், அது மே" என்று சொல்லுங்கள். வேறு விளக்கம் தேவைப்படாது.

பிறகு Your software is up to date. எனக்குக் கோபம் வருகிற வசனம் இது. உங்கள் போன் கம்பனியிடம் கேட்கிறது, "எனக்கு ஏதும் இருக்கிறதா?" என்று. கம்பனி அந்த மொடலுக்கு வேலை செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டது, ஆகவே "இல்லை" என்கிறது. அந்த "இல்லை"யைத்தான் போன் உங்களுக்கு இப்படி நல்ல செய்தியாகச் சொல்கிறது. இந்த மொடலுக்கு இனி எதுவும் வராது என்று நேரே சொன்னால் எத்தனை பேர் விழித்துக்கொள்வார்கள்! வசனத்தை நம்பாதீர்கள், திகதியை மட்டும் பாருங்கள். இதற்கு மேல், 2025 ஓகஸ்டில் குரோம் உலாவியும் அன்ட்ரொயிட் 8, 9 இரண்டையும் கைவிட்டுவிட்டது. அதாவது உங்கள் போனில் உலாவிக்கும் புதிய திருத்தம் கிடையாது.

கதை முடிந்ததும் எல்லாரையும் போனைக் கையில் எடுக்கச் சொல்லுங்கள். Settings-க்குள் போய் அடிமட்டத்தில் About phone. சம்சுங் என்றால் அதற்குள் Software information, அதில் Android security patch level என்று இருக்கும். மற்றப் பல போன்களில் About phone-க்குள் Android version-ஐத் தொட்டால் Android security update என்று வரும். கண் மங்கின ஐயாமாருக்குப் பக்கத்தில் ஒரு தம்பியை இருத்திவிடுங்கள். திகதி கடந்த மூன்று நான்கு மாதத்துக்குள் இருந்தால் குறையில்லை. விலை குறைந்த மொடல்களுக்குக் கம்பனிகள் ஒவ்வொரு மாதமும் அனுப்புவதில்லை, அதற்காகப் பதற வேண்டாம். ஆறு மாதத்துக்கு மேல் என்றால் அங்கேயே Software update-ஐத் திறந்து தேடச் சொல்லுங்கள், பெரும்பாலும் ஏதோ ஒன்று இறக்காமல் காத்துக் கிடக்கும். ஒரு வருடத்துக்கு மேலாகியும் எதுவும் வராவிட்டால் அந்த போனுக்குக் கம்பனி கைவிரித்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கு என் அனுபவக் கணக்கு, சட்டம் இல்லை. ஆனால் கூட்டத்தில் சொல்வதற்கு இந்த அளவு போதும்.

இறக்குவதில் ஆக்கள் பின்வாங்கக் காரணம் பெரும்பாலும் டேட்டாவும் இடமும்தான். பாதுகாப்பு அப்டேட் வழமையாகச் சில நூறு எம்பி. அன்ட்ரொயிட் 13-இலிருந்து 14-க்குப் போவதுபோல முழுப் பதிப்பு மாறும்போதுதான் ஒரு ஜிபியைத் தாண்டும். ஆகவே ரீலோட் காசைத் தின்றுவிடும் என்று பயப்படுபவர்களுக்கு, சங்கக் கட்டடத்தில் வைஃபை இருந்தால் கூட்ட நாளில் அதைத் திறந்துவிடுவதே பெரிய உதவி. இடம் இல்லை என்று போன் சொன்னால் வட்ஸ்அப்பில் வந்த காலை வணக்கப் படங்களையும் வீடியோக்களையும் அழித்தாலே பாதிப் போன் காலியாகும். பற்றரி அரைவாசிக்கு மேல் இருக்க வேண்டும், அல்லது சார்ஜில் போட்டுவிட்டுச் செய்யலாம். தொழிலுக்குப் போகிற நேரத்தில் தொடங்க வேண்டாம், கரையில் நிற்கும் நாளில் வைத்துக்கொள்ளுங்கள். இடையில் நிறுத்தினால் மினக்கேடு. படங்களும் இலக்கங்களும் அழிந்துவிடுமா என்று கட்டாயம் கேட்பார்கள். அழியாது. இருந்தாலும் முக்கியமானவற்றை முதலில் வேறிடத்தில் ஒரு பிரதி எடுத்து வைப்பது நல்லது. முடிந்ததும் Play Store-க்குள் போய் வங்கிச் செயலி, Chrome, Android System WebView மூன்றுக்கும் Update என்று நின்றால் தொட்டுவிடச் சொல்லுங்கள். கடைசியாகச் சொன்னதை யாரும் கண்டிருக்க மாட்டார்கள். செயலிகளுக்குள் திறக்கும் இணையப் பக்கங்களைக் காட்டுவது அதுதான்.

இனி வருவதை நீங்கள் விட்டுவிட்டால் உங்கள் உரையாலேயே ஒருவர் காசு இழக்கலாம். "அப்டேட் பண்ணுங்கோ" என்று நீங்கள் சொல்லிய அடுத்த கிழமை ஒருவருக்கு எஸ்எம்எஸ்ஸிலோ வட்ஸ்அப்பிலோ "உங்கள் போனை உடனே அப்டேட் செய்யுங்கள்" என்று ஒரு இணைப்பு வந்தால், செயலாளர் சொன்னதுதானே என்று தொட்டுவிடுவார். இது கற்பனை இல்லை. 2021-இல் ஃப்ளூபொட் என்ற கள்ளச் செயலி பரவியபோது, "உங்கள் போனில் ஃப்ளூபொட் புகுந்துவிட்டது, இந்தப் பாதுகாப்பு அப்டேட்டை இறக்குங்கள்" என்று ஒரு பக்கத்தைக் காட்டியது. அந்த அப்டேட்தான் ஃப்ளூபொட். நியூசிலாந்தின் இணையப் பாதுகாப்பு அமைப்பு அந்தப் பக்கத்தைப் பற்றி அப்போதே எச்சரித்தது. ஆகவே அழுத்திச் சொல்லுங்கள்: அப்டேட் இருக்கும் இடம் இரண்டே இரண்டு, Settings-உம் Play Store-உம். செய்தியில் வருவது, இணையப் பக்கத்தில் துள்ளி வருவது, வங்கியிலிருந்து கதைக்கிறோம் என்று ஒருவர் போனில் சொல்லி இறக்க வைப்பது, மருமகன் அனுப்பிய ஏபிகே என்ற செயலி ஃபைல், இவை எதுவும் அப்டேட் இல்லை.

எல்லை எங்கே என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அப்டேட் பண்ணியவர் இனித் தனக்கு ஒன்றும் வராது என்று நினைத்துவிடுவார். ஓடிபியைத் தானே வாயால் சொல்லிக் கொடுப்பவரை எந்த அப்டேட்டும் காப்பாற்றாது. அதேபோல Accessibility என்ற அனுமதி. பார்வை குறைந்தவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டுவதற்காக வந்த வசதி அது, ஆனால் அதைக் கொடுத்துவிட்டால் ஒரு செயலி உங்கள் திரையை வாசிக்கலாம், உங்களுக்குப் பதிலாகத் தானே தொடலாம். கள்ளச் செயலிகள் பல இன்று பிழையைத் தேடி மினக்கெடுவதில்லை, இந்த அனுமதியை நேரே கேட்டே வாங்கிவிடுகின்றன. அன்ட்ரொயிட் 13-இலிருந்து, வெளியிலிருந்து இறக்கிய செயலிக்கு இதைக் கொடுக்கப் போனால் போன் ஒரு தரம் தடுக்கும். பழைய பதிப்புகளில் அந்தத் தடையும் இல்லை. அந்தத் தடையையும் சொல்லிச் சொல்லித் தாண்ட வைப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது வேறு கதை.

கடைசியாக, உங்களைப் போல கைவிடப்பட்ட போன் வைத்திருப்பவர்கள். எங்கள் பக்கம் இது சின்னக் கூட்டம் இல்லை. கனடாவிலும் சுவிசிலும் பிரான்சிலும் இருக்கும் உறவுகள் தாங்கள் பாவித்து முடித்ததைத்தான் அனுப்புகிறார்கள், வந்து சேரும்போதே அதன் காலம் முடிந்திருக்கும். "எறியுங்கள்" என்று சொல்லாதீர்கள், யாரும் எறியப்போவதில்லை, எறியவும் தேவையில்லை. கதைக்க, வட்ஸ்அப் பார்க்க, காற்று நிலவரம் பார்க்க அது இருக்கட்டும். வங்கிச் செயலியை மட்டும் அதிலிருந்து எடுத்துவிடுங்கள். எடுப்பதற்கு முன் வேறொரு நல்ல போனில் நுழைந்து பாஸ்வேர்டை மாற்றுங்கள், அல்லது வங்கிக் கிளைக்குப் போய் மாற்றச் சொல்லுங்கள். பழைய போனிலேயே மாற்றினால், அதில் கள்ளச் செயலி இருந்தால் புதிய பாஸ்வேர்டும் அதற்குத்தான் போகும். இன்னொரு சிக்கல், வங்கியின் எஸ்எம்எஸ் எல்லாம் அந்த சிம்முக்குத்தான் வரும். செயலியை எடுத்தாலும் ஓடிபி பழைய போனில்தான் விழும். முடிந்தால் வங்கி இலக்கம் உள்ள சிம்மை ஒரு பட்டன் போனுக்கு மாற்றுவதே சுத்தமான வழி. கணக்கில் நாளொன்றுக்கு அனுப்பக்கூடிய தொகையைக் குறைத்து வைக்கவும் வங்கியில் கேட்கலாம்.

புதிதாக வாங்குபவர்களுக்கு ஒரேயொரு குறிப்பு. கடையில் கமராவையும் பற்றரியையும் கேட்பதோடு, இந்த மொடல் எந்த ஆண்டு வெளிவந்தது, எத்தனை ஆண்டுக்குப் பாதுகாப்பு அப்டேட் என்றும் கேளுங்கள். கணக்கு ஓடத் தொடங்குவது மொடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து, நீங்கள் பெட்டியைப் பிரித்த நாளிலிருந்து இல்லை. 2024-இல் வந்த சம்சுங் கலக்ஸி ஏ16-க்கு ஆறு ஆண்டு என்று கம்பனி சொல்லியிருக்கிறது, ஆகவே அதை இரண்டு வருடம் கழித்து வாங்கினால் உங்களுக்கு மிஞ்சுவது நான்கு. ஐபோன்காரர்கள் சபையில் இருந்தால் அவர்கள் Settings, General, Software Update என்று போய்ப் பார்க்கட்டும். அவர்களுக்கும் பழைய மொடல் ஒருநாள் கைவிடப்படும்தான், ஆனால் பல அன்ட்ரொயிட் போன்களைவிடக் கொஞ்சம் பிந்தி.

உங்கள் அண்ணா அடுத்த போன் அனுப்பப்போகிறேன் என்று சொன்னால், அனுப்புவதற்கு முன் அந்தத் திகதியை ஒரு படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடச் சொல்லுங்கள்.